மெர்ஜ் சார்ட்: எந்த வடிவில் எழுதுவது?

மெர்ஜ் சார்ட்டின் கருத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பட்டியலை நடுவில் இரண்டாகப் பிரி. இரு பாதிகளையும் இதே முறையில் வரிசைப்படுத்தி, பிறகு ஒன்றாகச் சேர். ஒரே ஓர் உறுப்பு மட்டும் இருக்கும் பட்டியல் ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கிறது என்பதால் பிரிப்பு அங்கே நின்றுவிடுகிறது. இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நிரலாக எழுத உட்காரும்போதுதான் ஒரு கேள்வி வருகிறது: சேர்க்கும்போது கிடைக்கும் விடையை எங்கே எழுதுவது?

இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்து மூன்று வேறு நிரல்கள் பிறக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு முறையும் புதிய பட்டியல் உண்டாக்கி அதில் எழுதுவது. இரண்டாவது, ஒவ்வொரு சேர்ப்பின்போதும் இரண்டு தற்காலிக அணிகளை உருவாக்கி, வேலை முடிந்ததும் மூல அணியிலேயே திருப்பி எழுதுவது. சி மொழிப் பாடங்களில் அதிகம் காணப்படும் வடிவம் இது. மூன்றாவது, ஒரே ஒரு துணை அணியைத் தொடக்கத்தில் உண்டாக்கி, கடைசிவரை அதையே பயன்படுத்துவது. மூன்றுமே ரிகர்ஷன்தான், மூன்றுக்கும் O(n log n) என்றுதான் தேர்வில் எழுதுவோம். ஆனால் 10 லட்சம் உறுப்புகளைக் கொடுத்தால் மூன்றும் ஒரேபோல நடந்துகொள்வதில்லை. என் தேர்வு மூன்றாவது வடிவம். அதற்கான காரணங்களைச் சொல்லும் முன், மூன்றுக்கும் பொதுவான பகுதியை ஓர் எடுத்துக்காட்டில் பார்த்துவிடுவோம்.

ஏழு மதிப்பெண்கள்

வருகை எண் 1 முதல் 7 வரையுள்ள மாணவர்களின் மதிப்பெண்கள் இப்படி இருக்கின்றன: 52, 17, 68, 31, 44, 17, 9. எட்டு உறுப்புகளை எடுத்தால் படம் அழகாக இருக்கும். ஆனால் ஒற்றைப்படை எண்ணில்தான் பிழைகள் வெளியே வரும் என்பதால் வேண்டுமென்றே ஏழு எடுத்திருக்கிறேன். 17 இரண்டு முறை வருவதும் வேண்டுமென்றேதான். ஒன்று 2ஆம் எண் மாணவருடையது, மற்றது 6ஆம் எண் மாணவருடையது.

பிரிப்பை வழக்கமாக இப்படி வரைவார்கள்:

```
52 17 68 31 44 17 9
52 17 68 | 31 44 17 9
52 | 17 68 | 31 44 | 17 9
52 | 17 | 68 | 31 | 44 | 17 | 9
```

ஏழை இரண்டாகப் பிரித்தால் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் நான்கு. மூன்றைப் பிரித்தால் ஒன்றும் இரண்டும். அதனால் 52 மட்டும் மற்றவற்றுக்கு ஒரு படி முன்பே தனியாகிவிடுகிறது.

இந்தப் படத்தில் தவறு எதுவும் இல்லை, ஆனால் அது ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிடும். முதலில் எல்லாம் துண்டு துண்டாகப் பிரிந்து, அதன் பிறகே சேர்ப்பு தொடங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். ரிகர்ஷன் அப்படி நடப்பதில்லை. இடப்பாதி முழுவதும் வரிசையாகி முடியும்வரை வலப்பாதியை யாரும் தொடுவதே இல்லை. உண்மையில் நடக்கும் வரிசையை, ஒவ்வொரு சேர்ப்புக்குப் பின்னும் அணி எப்படி இருக்கிறது என்று எழுதிப் பார்த்தால் இது தெளிவாகும்:

```
 52  17  68   31  44  17   9    (0)
 52 [17  68]  31  44  17   9    (1)
[17  52  68]  31  44  17   9    (2)
 17  52  68  [31  44] 17   9    (3)
 17  52  68   31  44  [9  17]   (4)
 17  52  68   [9  17  31  44]   (5)
 [9  17  17   31  44  52  68]   (6)
```

இரண்டாம் சேர்ப்பு முடியும் நேரத்தில் இடப்பக்க மூன்றும் வரிசையாகிவிட்டன. வலப்பக்க நான்கும் வந்தபடியே கிடக்கின்றன. நிரலில் பிழை தேடும்போது ஒவ்வொரு சேர்ப்புக்குப் பின்னும் அணியை இப்படி அச்சிட்டுப் பார்ப்பதே நேரான வழி. இந்த ஆறு வரிகளும் கிடைத்துவிட்டால் பிரிப்பும் சேர்ப்பும் சரியான வரிசையில் நடக்கின்றன.

சேர்ப்புகளிலேயே கவனிக்கத்தக்கது கடைசியாக வருவது. இடப்பக்கம் 17, 52, 68. வலப்பக்கம் 9, 17, 31, 44. இரண்டின் தலைகளையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுக்க வேண்டும். முதலில் 17உம் 9உம்: 9 போகிறது. அடுத்து 17உம் 17உம்: சமம். இங்கே இடப்பக்கத்து 17ஐத்தான் எடுக்க வேண்டும். அது 2ஆம் எண் மாணவருடையது. பிறகு 52உம் 17உம்: வலப்பக்கத்து 17 போகிறது. 52உடன் 31, 52உடன் 44 ஒப்பிடப்பட்டு அவையும் போய்விடுகின்றன. வலப்பக்கம் தீர்ந்தது; மிஞ்சிய 52, 68 இரண்டையும் ஒப்பீடே இல்லாமல் அப்படியே எழுதிவிடலாம். இதற்கு ஆன ஒப்பீடுகள் ஐந்து.

சமமாக இருக்கும்போது இடப்பக்கத்தை எடுப்பதால்தான் 2ஆம் எண் 6ஆம் எண்ணுக்கு முன்னால் நிற்கிறது. மெர்ஜ் சார்ட்டை நிலைத்தன்மை உள்ள முறை என்று சொல்வது இதனால்தான். நிரலில் அது `<=` என்ற இரண்டு குறிகளில் அடங்கியிருக்கிறது. அதை `<` என்று எழுதிவிட்டால் விடை அப்போதும் வரிசையாகத்தான் இருக்கும். வெறும் எண்களைக் கொடுத்துச் சோதித்தால் பிழை ஒருபோதும் தெரியாது. மதிப்பெண்ணோடு வருகை எண்ணையும் சேர்த்துக் கொடுத்து, மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடும்படி சோதித்தால்தான் 6 முன்னாலும் 2 பின்னாலும் வந்து காட்டிக்கொடுக்கும்.

எத்தனை வேலை?

ஆறு சேர்ப்புகளிலும் ஆன ஒப்பீடுகளைக் கூட்டினால் 1 + 2 + 1 + 1 + 2 + 5 = 12. ஒவ்வொரு சேர்ப்பிலும் எழுதப்பட்ட உறுப்புகளைக் கூட்டினால் 2 + 3 + 2 + 2 + 4 + 7 = 20.

இந்த 20 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஓட்டநேரம் விளங்கிவிடும். படத்தில் பிரிப்பு மூன்று படிகள் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஏழு உறுப்புகளும் ஒரு முறை எழுதப்பட்டால் 7 × 3 = 21. 52 ஒரு படி முன்பே தனியாகிவிட்டதால் அதற்கு ஒன்று குறைகிறது, ஆகவே 20. பொதுவாகச் சொன்னால், ஒரு படிக்கு அதிகபட்சம் n எழுத்து வேலை. n-ஐ ஒன்றாகும்வரை இரண்டாக வகுத்துக்கொண்டே போகலாம் என்பதால் படிகள் ஏறக்குறைய log₂ n. இதையே சூத்திரமாக எழுதினால்:

```
T(1) = c
T(n) = 2 T(n/2) + c·n   →   O(n log n)
```

10 லட்சம் உறுப்புகளுக்குப் படிகள் 20. எழுத்து வேலை சுமார் 2 கோடி. ஒப்பீடுகள் எவ்வளவு மோசமான உள்ளீட்டுக்கும் 1,89,51,425ஐத் தாண்டாது. இன்செர்ஷன் சார்ட்டில் கலைந்து கிடக்கும் 10 லட்சத்துக்குச் சராசரியாக n²/4, அதாவது 25,000 கோடி நகர்த்தல்கள் ஆகும். குயிக் சார்ட் சராசரியில் மெர்ஜ் சார்ட்டுக்குச் சளைத்ததல்ல, பல சமயம் வேகமானதும்கூட. ஆனால் அச்சாணி உறுப்பைக் கவனமில்லாமல் தேர்ந்தெடுத்தால் ஏற்கெனவே வரிசையான உள்ளீட்டில் அது n² ஆகிவிடும். மெர்ஜ் சார்ட்டில் உள்ளீடு எப்படி வந்தாலும் பிரிப்பு நடுவில்தான். ஆகவே படிகளின் எண்ணிக்கை மாறாது.

சூத்திரத்தில் `c·n` என்ற உறுப்பு ஒரு வாக்குறுதி. n உறுப்புகளைச் சேர்க்க n அளவு வேலைதான் ஆகும் என்று அது சொல்கிறது. நாம் எழுதும் நிரல் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்பதில்தான் வடிவங்கள் வேறுபடத் தொடங்குகின்றன.

முதல் வடிவம்: ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல்

```python
def msort(a):
    if len(a) <= 1:
        return a[:]
    mid = len(a) // 2
    return merge(msort(a[:mid]), msort(a[mid:]))

def merge(left, right):
    out = []
    i = j = 0
    while i < len(left) and j < len(right):
        if left[i] <= right[j]:
            out.append(left[i]); i += 1
        else:
            out.append(right[j]); j += 1
    return out + left[i:] + right[j:]
```

படிக்கச் சுகமான நிரல் என்றால் இதுதான். வரையறையை அப்படியே எழுதியதுபோல இருக்கிறது. மூலப் பட்டியல் மாறாமல் அப்படியே இருக்கிறது. சுட்டெண் கணக்கில் தடுமாற இடம் குறைவு. கரும்பலகையில் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை. வேறு யாராவது முதல்நாளே மூன்றாம் வடிவத்தைக் கற்பித்தால் நான் அதை எதிர்ப்பேன்.

ஆனால் `merge`ஐ இன்னும் சுருக்கமாக எழுதும் ஆசையில் பலர் ஒரு குழியில் விழுகிறார்கள். இரு பட்டியல்களின் தலையைத்தானே எடுக்கிறோம் என்று, `i`, `j` இரண்டையும் தூக்கிவிட்டு, `out.append(left.pop(0))` என்று எழுதுவது. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. விடையும் சரியாக வருகிறது. ஆனால் பைத்தானின் பட்டியல் நினைவகத்தில் தொடர்ச்சியாக அமைந்திருப்பது. முதல் உறுப்பை நீக்கினால் பின்னாலுள்ள எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர வேண்டும். 10 லட்சத்துக்கான கடைசிச் சேர்ப்பில் ஒவ்வொரு பக்கமும் 5 லட்சம். ஒரு பக்கத்தை முழுவதும் இப்படி எடுத்துத் தீர்க்க 12,500 கோடி நகர்த்தல்கள். இரு பக்கமும் சேர்ந்து 25,000 கோடி. மெர்ஜ் சார்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு, கடைசிச் சேர்ப்பு ஒன்றிலேயே இன்செர்ஷன் சார்ட்டின் மொத்தச் செலவையும் தொட்டுவிட்டோம். சூத்திரத்தில் `c·n` இருந்த இடத்தில் இப்போது n² வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாப் படிகளையும் கூட்டினால் n²/2.

இதில் சிக்கல் என்னவென்றால், ஆயிரம் உறுப்புகளில் இது கண்ணுக்கே தெரியாது. பைத்தான் அந்த நகர்த்தலை மொத்தமாக, மிக வேகமாகச் செய்துவிடும். உறுப்புகள் லட்சங்களைத் தொடும்போதுதான் வலிக்கத் தொடங்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது: உள்ளீட்டை இரட்டித்து நேரத்தை அளந்து பாருங்கள். ஒழுங்கான மெர்ஜ் சார்ட்டில் உள்ளீடு இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்கைவிடச் சற்றே அதிகமாகும், ஏறக்குறைய 2.1. இரட்டிக்க இரட்டிக்க அந்த விகிதம் 3ஐத் தாண்டி 4ஐ நோக்கிப் போனால், சேர்ப்புக்குள் எங்கோ ஒரு மறைமுக நகர்த்தல் இருக்கிறது என்று அர்த்தம்.

`pop(0)`ஐத் தவிர்த்துவிட்டால் இந்த வடிவத்தின் வேகம் O(n log n)தான். அதன் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. 10 லட்சம் உறுப்புகளுக்கு `a[:mid]`, `a[mid:]` என்று வெட்டியே ஏறக்குறைய 20 லட்சம் பட்டியல்கள் பிறக்கின்றன. சேர்ப்பில் இன்னும் சுமார் 10 லட்சம். அவை எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பதில்லை என்பது ஆறுதல். கடைசிச் சேர்ப்பின்போது வரிசையான இரு பாதிகளும் விடைப் பட்டியலும் சேர்ந்து, மூலத்துக்கு மேல் கூடுதலாக இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். மேலே உள்ள நிரலின் கடைசி வரி, `+` போடும்போது இன்னும் ஒரு நகலை எடுக்கிறது. சுருக்கத்துக்காக அப்படி எழுதினேன். உறுத்தினால் `out.extend(...)` என்று மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு சிறு விஷயம்: அடிப்படை நிலையில் `return a` என்று எழுதாமல் `return a[:]` என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். `return a` என்றால், ஒரே உறுப்புள்ள பட்டியலைக் கொடுத்தவருக்கு அதே பட்டியல் திரும்பி வரும். இரண்டு உறுப்புள்ள பட்டியலைக் கொடுத்தவருக்குப் புதியது வரும். விடையை மாற்றினால் மூலமும் சில சமயம் மாறும், சில சமயம் மாறாது. இப்படி ஓரத்தில் மட்டும் தலைகாட்டும் பிழையைத் தேடுவது பெரும் தலைவலி.

இரண்டாம் வடிவம்: சேர்ப்புக்குள் இரண்டு தற்காலிக அணிகள்

சி மொழியில் எழுதப்படும் மெர்ஜ் சார்ட்டில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும்:

```c
void merge(int a[], int lo, int mid, int hi) {
    int n1 = mid - lo, n2 = hi - mid;
    int L[n1], R[n2];
    /* ... */
}
```

இடப்பாதியை `L`க்கும் வலப்பாதியை `R`க்கும் நகலெடுத்து, ஒப்பிட்டு, `a`யில் திருப்பி எழுதுவார்கள். மூல அணியிலேயே விடை கிடைப்பது நல்லதுதான். ஆனால் `L`, `R` இரண்டும் ஸ்டாக்கில் உட்காருகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால், 25 லட்சம் எண்களின் கடைசிச் சேர்ப்புக்கு இரண்டும் சேர்ந்து 1 கோடி பைட் வேண்டும். லினக்ஸில் ஸ்டாக்கின் வழக்கமான எல்லை 8 எம்பி. ஆகவே எல்லாச் சேர்ப்புகளும் ஒழுங்காக முடிந்து, கடைசி ஒன்றில் வந்து நிரல் செத்துவிழும்: `Segmentation fault`. விண்டோஸில் வழக்கமான எல்லை 1 எம்பிதான், ஆகவே அங்கே இன்னும் முன்பே விழும்.

இதைப் பார்த்தவுடன் "ரிகர்ஷன் ஆழமாகப் போய்விட்டது, லூப்பாக மாற்றி எழுத வேண்டும்" என்று முடிவு கட்டுவது வழக்கம். ரிகர்ஷன் மேல் பழி போடுவது நியாயமல்ல. 25 லட்சத்துக்கு ஆழம் வெறும் 22. இடத்தை விழுங்குவது அழைப்புகள் அல்ல, அந்த இரண்டு அணிகள்தான். பைத்தானில் அழைப்பு ஆழத்தின் வழக்கமான எல்லை 1000. மெர்ஜ் சார்ட் அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆகவே மெர்ஜ் சார்ட்டில் `RecursionError` வந்தால் காரணம் உள்ளீட்டின் அளவாக இருக்கவே முடியாது. அடிப்படை நிலையில்தான் தவறு. பெரும்பாலும் `len(a) <= 1` என்பதற்குப் பதில் `len(a) == 0` என்று எழுதியிருப்பார்கள். ஒரே உறுப்புள்ள பட்டியலில் `mid` 0 ஆகும். வலப்பாதியாக அதே பட்டியல் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும்.

ஸ்டாக்கைத் தவிர்க்க, ஒவ்வொரு சேர்ப்பிலும் `malloc` செய்பவர்களும் உண்டு. அது விழாது. ஆனால் 10 லட்சம் உறுப்புகளுக்கு 9,99,999 சேர்ப்புகள். அத்தனை முறையும் நினைவகம் கேட்டு, அத்தனை முறையும் திருப்பித் தர வேண்டும். ஒரு `free`ஐ மறந்தாலும் கசிவுதான். இவ்வளவு பாடும் பட்ட பிறகு மூன்றாம் வடிவத்துக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

மூன்றாம் வடிவம்: ஒரே துணை அணி, அதுவும் பாதி அளவு

```python
def msort(a):
    tmp = [None] * (len(a) // 2)
    _sort(a, tmp, 0, len(a))

def _sort(a, tmp, lo, hi):
    if hi - lo <= 1:
        return
    mid = lo + (hi - lo) // 2
    _sort(a, tmp, lo, mid)
    _sort(a, tmp, mid, hi)
    if a[mid - 1] <= a[mid]:
        return
    n = mid - lo
    for k in range(n):
        tmp[k] = a[lo + k]
    i, j, k = 0, mid, lo
    while i < n and j < hi:
        if tmp[i] <= a[j]:
            a[k] = tmp[i]; i += 1
        else:
            a[k] = a[j]; j += 1
        k += 1
    while i < n:
        a[k] = tmp[i]; i += 1; k += 1
```

பட்டியலை வெட்டுவதே இல்லை. `lo`, `hi` என்ற இரு சுட்டெண்கள்தான் கீழே இறங்குகின்றன. `lo` சேரும், `hi` சேராது என்ற வழக்கத்தைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். `hi` சேருவதாகப் பாதி இடத்திலும் சேராததாக மீதி இடத்திலும் எழுதுவதுதான் இந்த வடிவத்தில் வரும் பெரும்பாலான பிழைகளுக்கு மூலம்.

இதில் எனக்குப் பிடித்த இடம், இடப்பாதியை மட்டும் நகலெடுத்தால் போதும் என்பது. வலப்பாதி `a`யிலேயே கிடக்கிறது, விடையையும் அதே `a`யில்தான் எழுதுகிறோம். அப்படியானால் இன்னும் படிக்காத வலப்பக்க உறுப்பின் மேல் எழுதிவிட மாட்டோமா என்ற பயம் வரும். அப்படி நடக்காது. எழுதும் இடம் `k`. அது இதுவரை எடுத்த உறுப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கணக்கிட்டுப் பார்த்தால் `j - k` எப்போதும் `n - i`, அதாவது `tmp`யில் இன்னும் எடுக்காமல் இருப்பவற்றின் எண்ணிக்கை. அவற்றில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் `k`, `j`க்குப் பின்னாலேயே இருக்கும்.

நம் ஏழு மதிப்பெண்களின் கடைசிச் சேர்ப்பில் இதைச் சோதிக்கலாம். `tmp`யில் 17, 52, 68. தொடக்கத்தில் `k` 0, `j` 3, இடைவெளி 3. 9ஐ எழுதியதும் `k` 1, `j` 4. இடைவெளி அதே 3. இடப்பக்கத்து 17ஐ எழுதியதும் `k` 2, `j` 4, இடைவெளி 2. அதன்பின் 17, 31, 44 என்று வலப்பக்கமே போவதால் இடைவெளி மாறாமல் 2ஆகவே நீடிக்கிறது. வலப்பக்கம் தீரும்போது `k` 5இல் நிற்கிறது. மிஞ்சியிருப்பவை 52, 68. காலியாக இருப்பவை சரியாக இரண்டு இடங்கள். இடப்பக்கம் முதலில் தீர்ந்திருந்தால் வலப்பக்கத்து மிச்சம் ஏற்கெனவே தன் இடத்தில்தான் இருக்கும். அதற்குத் தனி லூப்பே தேவையில்லை. துணை அணி பாதி அளவு போதும் என்பது இதனால்தான். பைத்தானும் ஜாவாவும் பயன்படுத்தும் டிம்சார்ட், ஏற்கெனவே வரிசையான இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது சிறியதை மட்டும் துணை அணிக்கு நகலெடுப்பதும் இதே தத்துவம்தான். டிம் பீட்டர்ஸ் அதைப் பைத்தானுக்காக 2002இல் எழுதினார்.

நிரலில் `if a[mid - 1] <= a[mid]` என்ற வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது தனி முடிவு. இடப்பாதியின் கடைசி உறுப்பு வலப்பாதியின் முதல் உறுப்பைவிடப் பெரிதில்லை என்றால் சேர்ப்பதற்கே எதுவும் இல்லை. ஏற்கெனவே வரிசையான 10 லட்சத்துக்கு இந்த ஒரு வரியால் வெறும் 9,99,999 ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும். அது இல்லாவிட்டால் சுமார் 1 கோடி. ஆனால் கலைந்த உள்ளீட்டில் இது வீண் செலவு. நம் ஏழு உறுப்புகளில் ஆறு சேர்ப்புகளுக்கும் ஆறு கூடுதல் ஒப்பீடுகள். அதில் இரண்டு சேர்ப்புகளை மட்டுமே தவிர்க்க முடிந்தது. மொத்தம் 12ஆக இருந்தது 16ஆகிவிட்டது. பெரிய பட்டியலில் இந்தக் கூடுதல் விகிதம் இவ்வளவு இருக்காது, ஏனெனில் சேர்ப்புகள் n-க்கு ஒன்று குறைவு, ஒப்பீடுகளோ n log n. நடைமுறையில் வரும் தரவு பெரும்பாலும் பாதி வரிசையாகவே வருவதால் நான் இந்த வரியை வைத்துக்கொள்வேன்.

கீழ்மட்டத்தில் இன்செர்ஷன் சார்ட்டுக்கு மாறுவதும் இதேபோல ஒரு தேர்வு. 10 லட்சத்துக்கு `_sort` 19,99,999 முறை அழைக்கப்படுகிறது. அதில் 10 லட்சம் அழைப்புகள் ஒற்றை உறுப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்புபவை. எட்டு அல்லது அதற்குக் குறைவான துண்டுகளை இன்செர்ஷன் சார்ட்டிடம் ஒப்படைத்தால் அழைப்புகள் 2,62,143ஆகக் குறைகின்றன. ஜாவா 7க்கு முன்பு ஆப்ஜெக்ட் அணிகளை வரிசைப்படுத்திய மெர்ஜ் சார்ட்டில் இந்த எல்லை 7ஆக இருந்தது. மேலே சொன்ன "ஏற்கெனவே வரிசையா" சோதனையும் அதில் உண்டு. சி, ஜாவா போன்ற மொழிகளில் இது லாபம்தான். பைத்தானில் எழுதினால் அளந்து பார்க்காமல் சேர்க்க வேண்டாம்.

`mid`ஐ `(lo + hi) // 2` என்று எழுதாததற்குக் காரணம் பைத்தான் அல்ல. பைத்தானில் இரண்டும் ஒன்றே. சி, ஜாவா இரண்டிலும் 32 பிட் எண்களில் `lo + hi` 214 கோடியைத் தாண்டினால் குறி மாறி எதிர்ம எண்ணாகிவிடும். 100 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகளுள்ள அணியில்தான் இது நடக்கும் என்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. ஜாவா நூலகத்தின் பைனரி சர்ச்சிலேயே இருந்த இந்தப் பிழையை 2006இல் ஜோஷுவா பிளாக் எடுத்துக் காட்டினார். மூன்றாம் வடிவத்தை வேறு மொழிக்குப் பெயர்ப்பவர்கள் அந்த வரியை அப்படியே கொண்டுபோகட்டும்.

எதை, எப்போது?

கற்பிக்க, அல்லது மூலப் பட்டியல் மாறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், முதல் வடிவம். சுட்டெண்ணோடு மட்டும், `pop(0)` வேண்டாம். பெரிய அணியை அதே இடத்தில் வரிசைப்படுத்த மூன்றாம் வடிவம். இரண்டாம் வடிவத்துக்கு நான் எந்த இடமும் தர மாட்டேன். எளிமையில் அது முதலாவதுக்குத் தோற்கிறது, உறுதியில் மூன்றாவதுக்குத் தோற்கிறது. பழக்கத்தால் மட்டும் பிழைத்திருக்கிறது. பைத்தானில் உண்மையான வேலைக்கு `sorted` இருக்கிறது. அதுவும் நிலைத்தன்மை உள்ளது, சி மொழியில் எழுதப்பட்டது. நாம் பைத்தானில் எழுதும் எதுவும் அதன் வேகத்தைத் தொடாது.

தரவு இணைப்புப் பட்டியலாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அங்கே துணை அணியே தேவையில்லை. இரண்டு சுட்டிகளை, ஒன்றை ஒவ்வொரு கணுவாகவும் மற்றொன்றை இரண்டிரண்டு கணுவாகவும் நகர்த்தினால் வேகமானது முடிவைத் தொடும்போது மெதுவானது நடுவில் நிற்கும். அங்கே வெட்ட வேண்டும். வெட்டும்போது முன்பாதியின் கடைசிக் கணுவின் `next`ஐ வெறுமையாக்க மறந்தால் முன்பாதி ஒருபோதும் சிறுக்காது, ரிகர்ஷனும் நிற்காது. சேர்ப்பு என்பது கணுக்களின் `next`ஐ மாற்றிக் கோப்பதுதான், எதையும் நகலெடுப்பதில்லை. கூடுதல் இடம் என்று ஆவது log n ஆழமுள்ள அழைப்புகளுக்கு மட்டும். லினக்ஸ் கெர்னலின் `list_sort` இணைப்புப் பட்டியல்களுக்கு மெர்ஜ் சார்ட்டையே பயன்படுத்துகிறது. ஆனால் ரிகர்ஷன் இல்லாமல், கீழிருந்து மேலாகச் சேர்த்துக்கொண்டு போகும் வடிவில்.